பேட்டரி ஃபுல், ஆனாலும் ஈபியில் ஓடுகிறது: வழியில் தொலைந்த 1.5 வோல்ட்

தூத்துக்குடியில் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் 540 வாட் பேனல் ஆறு இருக்கிறது. கீழே மாடிப்படிக்கு அடியில் 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி நான்கைத் தொடராக இணைத்து 48 வோல்ட் ஆக்கியிருக்கிறார்கள். இன்வெர்ட்டர் 5 கேவிஏ ஹைப்ரிட். பல கம்பெனிப் பெயர்களில் சந்தையில் கிடைக்கும் வகைதான்; 01, 12, 13 என்று எண் போட்ட செட்டிங்குகளை முன்பக்க பட்டனை அழுத்தி மாற்ற வேண்டும். உங்கள் வீட்டு இன்வெர்ட்டரிலும் இதே எண்கள் இருந்தால் கீழே சொல்வது அப்படியே பொருந்தும். எண் வேறாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

சித்தப்பா சொன்ன புகார் இது: "பேட்டரி நாலு கட்டமும் நெறஞ்சு நிக்கு. ஏசியப் போட்டா செத்த நேரத்துல ஈபிக்குத் தாவிருது. பெறகு ராத்திரி பூரா டக்கு டக்குன்னு மாறிக்கிட்டே கெடக்கு. பேட்டரி போயிட்டுன்னு சொல்லுதாங்க, மாத்தணுமாடே?"

பொருத்திக் கொடுத்தவர்களைக் கேட்டதற்கு, நான்கு பேட்டரியையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய செலவு. அதற்கு முன் ஒரு முறை அளந்து பார்த்துவிடலாம் என்று மல்டிமீட்டர், டிசி ஓடும் கிளாம்ப் மீட்டர், அமில அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது டிசி ஆம்பியர் காட்டுமா என்று பார்த்து வாங்க வேண்டும். விலை குறைந்த பல மாடல்கள் ஏசி மட்டும்தான் காட்டும். இந்த வேலைக்கு அது உதவாது.

முதலில் விலக்க வேண்டியவை

01-வது செட்டிங்கைப் பார்த்தேன். SBU என்று இருந்தது. முதலில் சோலார், அடுத்து பேட்டரி, கடைசியாக ஈபி என்பது அதன் வரிசை. இது SUB என்று இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த வரிசையில் சோலாருக்கு அடுத்து ஈபிதான், ஈபி இருக்கும்போது இரவில் பேட்டரியைத் தொடாது. 23-வது செட்டிங், ஓவர்லோடு வந்தால் தானாக ஈபிக்கு மாறும் வசதி. அது அணைந்திருந்தது. மாறும் நேரத்தில் ஓவர்லோடு எச்சரிக்கையும் வரவில்லை.

அடுத்து, பேட்டரி உண்மையிலேயே நிறைந்திருக்கிறதா என்ற கேள்வி. திரையில் தெரியும் கட்டங்களை நம்ப வேண்டாம். அவை வோல்டேஜை வைத்துப் போடும் ஊகம்தான். நல்ல வெயில் அடித்த நாளில் மாலை, சார்ஜ் நின்று சிறிது நேரம் கழித்து ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்தேன். எல்லாம் 1.230-க்கும் 1.240-க்கும் இடையில். டியூபுலர் பேட்டரிக்கு முழு சார்ஜ் என்பதே 1.240 தான். சுமை இல்லாமல் நான்கும் சேர்ந்து 50.2 வோல்ட், அதாவது பேட்டரிக்கு 12.55.

இந்த 12.55-ஐப் பார்த்து "12.7 வரவில்லையே, பேட்டரி பழுது" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. இணையத்தில் சுற்றும் 12.7 அட்டவணை, கார் பேட்டரி போல அமிலச் செறிவு கூடிய பேட்டரிகளுக்கானது. ஓய்வில் ஒரு செல்லின் வோல்டேஜ் ஏறக்குறைய அமில அடர்த்தியோடு 0.84 கூட்டினால் வரும். 1.240-க்கு 2.08, ஆறு செல்லுக்கு 12.48. நம் டியூபுலருக்கு 12.5-ஐ ஒட்டி நின்றாலே அது முழுப் பேட்டரி.

ஆக பேட்டரி நிறைந்துதான் இருக்கிறது. ஆனாலும் ஈபிக்கு மாறுகிறது. இன்வெர்ட்டர் எதைப் பார்த்து மாறுகிறது என்பதுதான் மிச்சக் கேள்வி.

12-ம் 13-ம்

12-வது செட்டிங், பேட்டரி வோல்டேஜ் எவ்வளவுக்கு இறங்கினால் ஈபிக்கு மாற வேண்டும் என்பது. 13-வது, எவ்வளவுக்கு ஏறினால் மறுபடி பேட்டரிக்குத் திரும்ப வேண்டும் என்பது. இங்கே 12-ல் 48 வோல்ட், 13-ல் 54 வோல்ட் வைத்திருந்தார்கள். "48 வோல்ட் பேட்டரி, 48-க்குக் கீழ விடக்கூடாது சார்" என்று பொருத்தியவர் அன்றைக்கே விளக்கியிருக்கிறார். பேட்டரியைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் சரி. ஆனால் அந்த 48 ஓய்வில் இருக்கும் பேட்டரிக்கான கணக்கு. இன்வெர்ட்டரோ சுமை ஓடும்போது, அதுவும் தன்னுடைய முனையில் வந்து சேரும் வோல்டேஜை மட்டும்தான் பார்க்கிறது. பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் என்று அதற்குத் தெரியாது.

மெலிந்த குழாயில் இரண்டு தண்ணீர்க் குழாயை ஒன்றாகத் திறந்தால், தொட்டி நிறைந்திருந்தாலும் கடைசிக் குழாயில் வேகம் குறைகிற மாதிரிதான் இதுவும். கரண்ட் அதிகம் இழுத்தால் பேட்டரிக்குள்ளும் வோல்டேஜ் இறங்கும், வயரிலும் இறங்கும், ஒவ்வொரு இணைப்பிலும் இறங்கும். எல்லாம் கழிந்தது போக மிஞ்சுவதுதான் இன்வெர்ட்டர் கண்ணில் படுவது.

13-ல் இருந்த 54 இன்னொரு சிக்கல். ஈபிக்கு மாறியதும் சுமை விலகிவிடுவதால் பேட்டரி ஒன்றிரண்டு நிமிடத்தில் 50 பக்கம் ஏறிவிடுகிறது. ஆனால் யாராவது சார்ஜ் செய்யாமல் அது 54-ஐத் தொடவே முடியாது. இரவில் சூரியன் இல்லை. 16-வது செட்டிங், சார்ஜ் எங்கிருந்து எடுப்பது என்பது, CSO-வில் இருந்தது: சோலார் இருந்தால் சோலார், இல்லையென்றால் ஈபி. ஆகவே ஈபிக்குத் தாவிய மறுநிமிடமே, நிறைந்திருக்கும் பேட்டரிக்கு ஈபியிலிருந்து 30 ஆம்பியரில் சார்ஜ் ஏறத் தொடங்குகிறது. கிட்டத்தட்ட நிறைந்த பேட்டரி என்பதால் வோல்டேஜ் சீக்கிரமே 54-ஐ எட்டும். உடனே பேட்டரிக்குத் திரும்பும். ஏசி கம்ப்ரஸர் வேகம் எடுத்ததும் 48-க்குக் கீழே போய் மறுபடி ஈபி. சித்தப்பா சொன்ன டக்கு டக்கு இதுதான்.

ஈபி ஃபேஸ் வயரில் கிளாம்ப் போட்டுப் பார்த்தபோது இது நேராகவே தெரிந்தது. வீட்டில் ஓடிய சுமை 1100 வாட், அதாவது ஐந்து ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. கிளாம்ப் காட்டியது 12-க்கு மேல். மிச்சமெல்லாம் பேட்டரிக்குப் போகிறது. அப்படிப் போகிற ஒரு யூனிட், சார்ஜர் இழப்பு, பேட்டரி இழப்பு, இன்வெர்ட்டர் இழப்பு எல்லாம் போக மூன்றில் இரண்டு பங்குதான் திரும்பி வரும். சோலார் போட்ட வீட்டில் ஈபி பில் ஏன் இறங்கவில்லை என்பதற்கு இதுவே பாதிப் பதில்.

இந்த இடத்தில் 12-ஐ 46-க்கு இறக்கிவிட்டு வந்திருக்கலாம். பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள், புகாரும் அன்றைக்கு நின்றுவிடும். ஆனால் 48-க்குக் கீழே போகும் அந்த இறக்கத்தில் பேட்டரியின் பங்கு எவ்வளவு, வழியில் வீணாவது எவ்வளவு என்று தெரியாமல் எண்ணை இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சுமை போட்டு அளப்பது

இதற்கு ஏறி இறங்காத சுமை வேண்டும். ஏசி, மோட்டார், அயர்ன்பாக்ஸ் எல்லாம் தம் விருப்பத்துக்கு ஏறி இறங்கும். நான் 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை ஒரு வாளித் தண்ணீரில் போட்டேன். ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு சேர்த்து மொத்தம் 1800 வாட். மாலையில் வெயில் இறங்கிய பிறகு, பேனல் ஐசோலேட்டரை ஆஃப் செய்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பேனல் பாதிச் சுமையைத் தாங்கி அளவைக் குழப்பிவிடும். சோதனை முடியும்வரை 12-ஐத் தற்காலிகமாக 44-க்கு இறக்கி வைத்தேன், நடுவில் ஈபிக்குத் தாவாமல் இருக்க.

பேட்டரி வயரில் கிளாம்ப் 42 ஆம்பியர் காட்டியது. கணக்கும் அதுதான்: 1800 வாட்டை 90 சதவீதத் திறனால் வகுத்தால் 2000 வாட், 48-ஆல் வகுத்தால் 42-க்குப் பக்கம்.

சில நிமிடம் ஓடி நிலைத்த பிறகு இரண்டு இடத்தில் அளந்தேன். பேட்டரி வரிசையின் முதல் பாஸிட்டிவ் முனையிலிருந்து கடைசி நெகட்டிவ் முனைவரை 48.7 வோல்ட். இன்வெர்ட்டரின் டிசி முனையில் 47.2. இன்வெர்ட்டர் திரையில் 47.1.

இந்த மூன்று எண்ணிலேயே நோய் தெரிந்துவிட்டது. திரையும் மீட்டரும் 0.1 வித்தியாசத்தில் ஒத்துப்போகின்றன, ஆகவே இன்வெர்ட்டரின் அளவீடு சரி. பேட்டரிகள் 50.2-லிருந்து 48.7-க்கு, 1.5 வோல்ட் இறங்கியிருக்கின்றன. 150 ஏஹெச் டியூபுலரில் 42 ஆம்பியர் இழுத்தால் இந்த இறக்கம் இயல்பானது. தனித்தனியாகப் பார்த்தபோதும் நான்கும் 12.1-க்கும் 12.2-க்கும் இடையில் ஒன்றாகவே நின்றன. ஒரு பேட்டரி மட்டும் 11.5 என்று தனியே விழுந்திருந்தால் அதை மாற்ற வேண்டியிருக்கும். இங்கே அப்படி இல்லை. ஆனால் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில், வெறும் நாலு மீட்டர் தூரத்தில், இன்னொரு 1.5 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. 42 ஆம்பியரில் 1.5 வோல்ட் என்றால் 63 வாட். அவ்வளவு சூடு அந்த வழியில் எங்கோ ஒரு இடத்தில் வந்துகொண்டிருக்க வேண்டும்.

அதைத் தேட மல்டிமீட்டரின் மில்லிவோல்ட் அளவு போதும். சுமை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு முள்ளைப் பேட்டரி முனையின் ஈயத்திலேயே அழுத்தி வைத்து, மறுமுள்ளை, வயர் முனையில் பொருத்தியிருக்கும் லக்கின் செம்புக் குழலில் வைக்க வேண்டும். போல்ட்டின் தலையில் வைத்தால் உண்மையான இணைப்பைத் தாண்டி அளக்க மாட்டோம். நல்ல இணைப்பு என்றால் இந்தக் கரண்டில் இருபது, முப்பது மில்லிவோல்டுக்குள் இருக்கும். இப்படியே லக்கு, வயர், எம்சிபியின் உள்முனை, வெளிமுனை, இன்வெர்ட்டர் முனை என்று ஒவ்வொரு துண்டாக நகர வேண்டும்.

வயர் 16 ஸ்கொயர் எம்எம். போக வர எட்டு மீட்டர். அந்தத் தடிமனுள்ள செம்பு மீட்டருக்கு 1.15 மில்லிஓம், எட்டு மீட்டருக்கு 9.2; 42 ஆம்பியரில் 0.39 வோல்ட். மீட்டரிலும் ஏறக்குறைய அதேதான். 5 கேவிஏ இன்வெர்ட்டருக்கு 16 போதாது, ஆனால் குற்றவாளி அது மட்டும் இல்லை. நெகட்டிவ் பக்க பேட்டரி லக்கில் 0.31 வோல்ட். எம்சிபியின் பாஸிட்டிவ் பக்கத்தில் மட்டும் 0.66 வோல்ட். மற்ற இணைப்புகள் எல்லாம் சேர்ந்து 0.14. கூட்டினால் 1.50.

0.66 வோல்ட்டை 42-ஆல் பெருக்கினால் 28 வாட். ஒரு தீப்பெட்டி அளவு எம்சிபிக்குள் சால்டரிங் அயர்ன் அளவு சூடு. கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே தெரிந்தது.

கழற்றியபோது

48 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வேண்டாம். ஸ்பேனர் இரண்டு முனையிலும் பட்டுவிட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். ஸ்பேனர் உருகும், பக்கத்தில் ஹைட்ரஜன் இருந்தால் பேட்டரியே வெடிக்கும். மோதிரம், வாட்ச், கையில் கட்டிய செம்புக் காப்பு எல்லாவற்றையும் கழற்றினோம். ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றினேன். வரிசை: வீட்டுச் சுமையை நிறுத்தி இன்வெர்ட்டரை ஆஃப் செய்வது, பேனல் ஐசோலேட்டர், ஈபி, கடைசியாக பேட்டரி எம்சிபி. அதன் பிறகு முதலில் நெகட்டிவ் லக்கைக் கழற்ற வேண்டும்.

நெகட்டிவ் லக்கின் அடியில் வெளுத்த சாம்பல் நிறப் பொடி படிந்திருந்தது. டெர்மினல் மூடி இல்லை, கிரீஸ் தடவவில்லை. அமில ஆவியோடு கடல் காற்றும் சேர்ந்து அரித்திருக்கிறது. இது எளிய வேலை: சோடா உப்புக் கரைசலைத் துணியில் நனைத்துத் துடைத்து, ஈயம் பளபளக்கும் வரை பிரஷ் போட்டு, லக்கை மாற்றினேன். சோடா உப்பு செல்லுக்குள் ஒரு சொட்டும் விழக்கூடாது. மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்சிபிதான் மோசம். பேட்டரிக்கு நேர் மேலே சுவரில் பொருத்தியிருந்தார்கள். ஆவி முழுவதும் அதற்குத்தான். ஏசிக்கான 100 ஆம்ப் எம்சிபி. டிசியில் ஏசி எம்சிபி போட்டால் ஷார்ட் ஆகும் நாளில் உள்ளே எழும் தீப்பொறி அணையாது, ஏனென்றால் டிசி கரண்ட் ஏசி மாதிரி விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதில்லை. அது பாதுகாப்புக் கோளாறு. வோல்டேஜ் தொலைந்ததற்குக் காரணம் வேறு. ஸ்க்ரூவைத் தளர்த்தி வயரை உருவினேன். வெறும் பிரிபிரியான கம்பிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கும் ஃபெருல் குழல் இல்லாமல், அப்படியே உள்ளே திணித்திருக்கிறார்கள். நுழையாத கம்பிகளை வெட்டியும் விட்டிருக்கிறார்கள். முறுக்கின் விளிம்பில் குட்டைக் குட்டையாக வெட்டுப்பட்ட முனைகள் நின்றன. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கம்பிகளுக்கு ஸ்க்ரூவோடு தொடர்பே இல்லை. மீதிக் கம்பிகளும் கறுத்து, நகத்தால் சுரண்டினால் மட்டும் செம்பு தெரிகிற நிலை. வயரின் இன்சுலேஷன் அரை அங்குலத்துக்குப் பின்வாங்கிக் காபி நிறத்தில் வெந்திருந்தது.

சித்தப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல தீ புடிச்சிருந்தா?" என்றார். பிடிக்கக்கூடிய இடம்தான்.

புதிதாக 35 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், அதே நீளம். லக்குகளை ஹைட்ராலிக் கிரிம்பிங் டூலில் அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க். சுத்தியலால் அடித்து நசுக்குகிற லக்கு சீக்கிரமே தளரும்; டூல் இல்லையென்றால் எலக்ட்ரிகல் கடையிலேயே அழுத்தித் தரச் சொல்லலாம். டிசிக்கான 125 ஆம்ப் எம்சிபி, பேட்டரிக்கு மேலே இல்லாமல் பக்கவாட்டில் தள்ளி, எட்டும் தூரத்தில். இன்வெர்ட்டரை முழு 5 கேவிஏவுக்கும் ஓட்டுவதாக இருந்தால் 125 போதாது, வயரும் பெரிதாக வேண்டும். இந்த வீட்டில் 3000 வாட்டைத் தாண்டுவதில்லை. எல்லா முனையிலும் பெட்ரோலியம் ஜெல்லி தடவி மூடி போட்டாயிற்று. இறுக்கிய பிறகு தடவ வேண்டும். முதலில் தடவி இறுக்கினால் அதுவே இடையில் படலமாக நிற்கும்.

திரும்ப அதே வாளி, அதே ராடு, அதே 42 ஆம்பியர். பேட்டரி முனையில் 48.7, இன்வெர்ட்டர் முனையில் 48.4. வழியில் போவது 1.5-லிருந்து 0.3-க்கு வந்துவிட்டது.

இப்போது எண்ணைத் தீர்மானிப்பது

ஓய்வில் 50.2. பழைய நிலையில் 42 ஆம்பியருக்குப் பேட்டரியில் 1.5, வழியில் 1.5, மொத்தம் 3 வோல்ட். ஆம்பியருக்கு 0.071 வோல்ட். 48-ஐத் தொட 2.2 வோல்ட் இறங்கினால் போதும். அதற்குச் சுமார் 31 ஆம்பியர். வீட்டுச் சுமையில் சுமார் 1300 வாட். முழுவதும் நிறைந்த பேட்டரியோடு 1300 வாட்டைத் தாண்டினாலே ஈபி. ஏசி தொடங்கினால் தாவியது இதனால்தான். (பேட்டரியின் இறக்கம் இவ்வளவு நேர்க்கோட்டில் போகாது, ஆனாலும் முடிவெடுக்க இந்தக் கணக்கு போதும்.)

வயரைத் தொடாமல் 12-ஐ மட்டும் 47-க்கு இறக்கியிருந்தால் இந்த எல்லை 1900 வாட்டுக்குப் போயிருக்கும். வயரை மட்டும் மாற்றி 48-ஐ அப்படியே விட்டிருந்தால் 2200. இரண்டும் சேர்த்துச் செய்தால் 3000-க்கு மேல். இந்த வீட்டுக்கு ஏசியும் ஒரு ஹெச்பி மோட்டாரும் ஒன்றாக ஓட வேண்டும், ஆகவே இரண்டும் தேவைப்பட்டது. மோட்டார் தொடங்கும் அந்த ஒரு விநாடி இன்னும் கீழே போகும். ஆனால் இந்த இன்வெர்ட்டர் கணநேர இறக்கத்துக்கு மாறுவதில்லை, சில விநாடி நின்றால்தான் மாறுகிறது.

46-க்கு ஏன் இறக்கவில்லை? நள்ளிரவுக்குப் பிறகு ஏசியை அணைத்துவிட்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் மட்டும் ஓடும்போது சுமை 300 வாட், ஏழு ஆம்பியர். அந்தச் சின்னச் சுமையில் வோல்டேஜ் அவ்வளவாக இறங்காது. அப்போது 46 காட்டினால் பேட்டரிக்கு 11.5, கிட்டத்தட்ட காலி. பெரிய சுமையில் 46 என்பது பாதிப் பேட்டரியாக இருக்கலாம், சின்னச் சுமையில் அதே 46 வறண்ட பேட்டரி. ஒரே எண் இரண்டு வேலையும் பார்க்க வேண்டியிருப்பதுதான் இந்த வகை இன்வெர்ட்டரின் குறை. வழியில் வோல்டேஜ் எவ்வளவு தொலைகிறதோ அவ்வளவுக்கு இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடும். ஏசிக்காக 46 வைத்தால் ஃபேன் ஓடும் இரவில் பேட்டரி செத்துப்போகும். வயரைச் சரிசெய்த பிறகு 47 போதும் என்றாகிறது; சின்னச் சுமையில் அது 11.75, கால்வாசி மிச்சம். டியூபுலர் எப்போதாவது அதைத் தாங்கும்.

13-ஐ 53 ஆக்கினேன். இந்தப் பேட்டரிகள் சுமை நீங்கி எவ்வளவு மேலே எழும்பினாலும் 51-ஐத் தாண்டாது. 52-க்கு மேல் எந்த எண் வைத்தாலும் சார்ஜ் ஏறினால்தான் எட்டும், ஆகவே தானாகத் துள்ளித் திரும்பும் ஆபத்து இல்லை. 52 வைத்தால் காலையில் சீக்கிரம் திரும்பும், ஆனால் மேகமூட்டமான நாளில் கொஞ்ச நேர வெயிலுக்கே திரும்பிவிட்டு மறுபடி ஈபிக்குப் போகும். 53-ல் கொஞ்சமாவது பேட்டரி நிறைந்த பிறகு திரும்புகிறது.

16 இப்போது OSO, சோலாரில் மட்டும் சார்ஜ். 29-வது, ஈபியும் இல்லாதபோது முழுவதுமாக அணைக்கும் எல்லை, 42-ல் இருந்தது. லெட் ஆசிட்டுக்கு அது மிகவும் கீழே, 44 ஆக்கினேன். 05-ல் பேட்டரி வகை USE என்று இருந்தால்தான் 29-ஐத் தொட விடும்.

```
01  SBU
05  USE
12  47V
13  53V
16  OSO
29  44.0V
```

அன்று மாலை ஏசி, மோட்டார், ஃபிரிட்ஜ், டிவி எல்லாவற்றையும் வழக்கம்போல ஓட்டினார்கள். இரவு ஒன்பதரை மணிவாக்கில், திரையில் 47 காட்டி ஈபிக்குப் போனது. போனது போனதுதான், காலை வெயில் வரும்வரை மாறவில்லை. பேட்டரிக்கு ஈபியிலிருந்து சார்ஜும் ஏறவில்லை. விடிந்ததும் வெயில் ஏறுமுன் அடர்த்தி பார்த்தேன்: 1.185 அளவில். பாதி செலவாகியிருக்கிறது. டியூபுலரை நாள்தோறும் இந்த அளவுக்கு இறக்கி ஏற்றலாம்.

சித்தப்பாவுக்கு ஒரு ஏமாற்றம், இரவு முழுக்க ஏசி பேட்டரியில் ஓடும் என்று நினைத்திருந்தார். 48 வோல்ட் 150 ஏஹெச் என்பது தாளில் 7.2 யூனிட். பாதிதான் எடுக்கலாம், 3.6. இன்வெர்ட்டர் இழப்பு போக மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல். ஒன்றரை டன் ஏசியும் மற்ற சுமையும் சேர்ந்தால் மூன்று மணி நேரம். எந்த செட்டிங்காலும் அதைக் கூட்ட முடியாது. முன்பு அந்த மூன்று யூனிட்டில் பெரும்பகுதி பேட்டரியிலேயே தூங்கியது, இப்போது அது வீட்டுக்கு வருகிறது.

லித்தியம் வைத்திருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே போடக்கூடாது. 16 செல் கொண்ட 51.2 வோல்ட் பேட்டரி, கடைசிக் கால்வாசி வரைக்கும் 52 பக்கத்திலேயே நிற்கும். அதில் 47 வரும்போது பேட்டரி கிட்டத்தட்ட காலியாகியிருக்கும், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பிஎம்எஸ் முந்திக்கொண்டு வெட்டவும் கூடும். பிஎம்எஸ்ஸையும் இன்வெர்ட்டரையும் கேபிளால் இணைத்து, வோல்டேஜுக்குப் பதில் சதவீதத்தை வைத்து மாறச் செய்வதுதான் அங்கே சரி. இணைப்பில் தொலையும் வோல்டேஜ் மட்டும் லித்தியத்துக்கும் இதேதான், அளக்கும் முறையும் இதேதான்.

OSO-வில் ஒரு கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலைந்து நாள் வெயில் முகம் காட்டாவிட்டால் பேட்டரி பாதியிலேயே நிற்கும். டியூபுலரை அப்படி வாரக்கணக்கில் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், அந்த நேரத்தில் கரண்ட்டும் போனால் வீடு இருட்டு. அதனால் அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் 16-ஐ CSO-வுக்கும், 11-வது செட்டிங்கில் ஈபி சார்ஜை 30-லிருந்து 10 ஆம்பியருக்கும் மாற்றச் சொல்லி, இன்வெர்ட்டர் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். 13-ஐ அப்போது 54-ஆக ஏற்ற வேண்டும், இல்லையென்றால் ஈபி சார்ஜிலேயே 53-ஐச் சீக்கிரம் எட்டி, பழைய டக்கு டக்கு திரும்பும். அதே தாளில் இன்றைய மில்லிவோல்ட் அளவுகளும் இருக்கின்றன: நெகட்டிவ் லக்கு 14, பாஸிட்டிவ் லக்கு 12, எம்சிபி ஒரு பக்கம் 41, மறுபக்கம் 38. மழைக்காலம் முடிந்ததும் அதே வாளியை வைத்து மறுபடி அளந்து, பக்கத்தில் எழுத வேண்டும்.